திரையிலிருந்து தாளுக்கு

"அந்தப் பிபிடியை அப்படியே பிரிண்ட் போட்டு எல்லாருக்கும் ஒண்ணு கொடுத்துடுங்க." பயிற்சி நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள். ஆனால் அப்படியே பிரிண்ட் போட்டது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் பயன்படுவதில்லை. காரணம் எளிது. ஸ்லைடு பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பதற்கானது, பக்கத்தில் ஒருவர் நின்று விளக்கிக்கொண்டே இருப்பார். தாளைக் கையில் வைத்துப் படிக்க வேண்டும், பேனாவால் எழுத வேண்டும், விளக்குகிறவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். இன்றைய பவர்பாயிண்ட்டில் புதிதாகத் திறக்கும் ஸ்லைடின் அகலம் 33.87 செ.மீ., உயரம் 19.05 செ.மீ. ஏ4 தாளின் அகலமோ 21 செ.மீ. தான். File → Print போய், Handouts என்ற பகுதியில் 3 Slides என்பதைத் தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம் மூன்று ஸ்லைடும் வலப்பக்கம் எழுதக் கோடுகளும் வரும். அதில் ஒரு ஸ்லைடு ஏறத்தாழ 8 செ.மீ. அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது, அதாவது கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. திரையில் 24 புள்ளி அளவில் இருந்த எழுத்து தாளில் ஆறு புள்ளிக்கும் கீழே போய்விடும். 18 புள்ளியில் இருந்தது நாலு புள்ளி சொச்சம். கண்ணாடி போட்டவர்களும் படிக்க முடியாத அளவு இது. படிக்கிற தாளில் தமிழ் எழுத்து 12 புள்ளியாவது இருந்தால்தான் ஒற்றும் கொம்பும் தெளிவாகத் தெரியும்.

தாளை மிச்சப்படுத்தலாம் என்று ஒரு பக்கத்துக்கு ஆறு ஸ்லைடு போடுகிறவர்களும் உண்டு. அப்போதும் ஸ்லைடின் அகலம் பெரிதாகக் குறைவதில்லை. எழுதுவதற்கு இருந்த இடம்தான் பறிபோகிறது. ஆக, தேர்ந்தெடுக்க வேண்டியது மூன்றா ஆறா என்பது அல்ல. ஸ்லைடைப் படமாகச் சுருக்கி ஒட்டுவதை விட்டுவிட்டு, அதில் உள்ள விஷயத்தை எடுத்துத் தாளுக்கென்று மறுபடி அடுக்க வேண்டும். இதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

24 ஸ்லைடு, 8 பக்கம்

மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்கு எழுதுபவர்களுக்கு அரைநாள் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். பயிற்றுநர் கையில் 24 ஸ்லைடு இருக்கிறது. முதல் நாலு தலைப்பு, வரவேற்பு, நிகழ்ச்சி நிரல், குழுப் படம். 5 முதல் 7 வரை, குழு வைத்திருக்க வேண்டிய நோட்டுகள் எவை என்ற விவரம். 8 முதல் 12 வரை ரொக்கப் புத்தகம். ஒரே அட்டவணைதான், ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு வரி கூடிக்கொண்டே போகும். 13-இல் கேள்வி, 14-இல் விடை. 15 முதல் 19 வரை கடனுக்கு வட்டி கணக்கிடுவது. 20-இல் கேள்வி, 21-இல் விடை. 22-இல் வழக்கமாக நேரும் தவறுகள். 23-இல் கலந்துரையாடல். கடைசியில் நன்றி.

பக்கத்துக்கு மூன்றாகப் பிரிண்ட் போட்டால் இது 8 பக்கம். அந்த எட்டில் முதல் பக்கம் முழுக்கத் தலைப்பும் வரவேற்பும் நிரலும்தான், அவற்றின் பக்கத்தில் யாரும் எதையும் எழுதப்போவதில்லாத கோடுகள். ரொக்கப் புத்தக அட்டவணை இரண்டு பக்கங்களுக்குச் சிதறி ஐந்து முறை வரும். அதைவிட மோசம், 13-ஆம் ஸ்லைடின் கேள்வியும் 14-இன் விடையும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகி நிற்கும். திரையில் பயிற்றுநர் ஒரு பொத்தானை அழுத்தும்வரை மறைந்திருந்த விடை, தாளில் கேள்விக்கு முன்பே கண்ணில் படும். பிறகு யார் கணக்குப் போடுவார்கள்?

இதே 8 பக்கத்தை வேறு மாதிரி செலவழிக்கலாம். தலைப்பு, வரவேற்பு, நிரல், படம், நன்றி ஐந்தும் போகட்டும். பயிற்சியின் பெயரும் தேதியும் முதல் பக்கத்தின் மேலே ஒரு வரியாக வந்தால் போதும். நோட்டுகள் பற்றிய மூன்று ஸ்லைடும் ஒரே அட்டவணையாகும்: நோட்டின் பெயர், அதில் எழுத வேண்டியது, எப்போது எழுத வேண்டும். ரொக்கப் புத்தகத்தின் ஐந்து ஸ்லைடில் கடைசி ஒன்றே போதும், அதில்தான் அட்டவணை முழுதாக இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து ஸ்லைடையும் காட்டும்போது பயிற்றுநர் வாயால் சொன்னது ஒன்று உண்டு. வரவு ஏன் இந்தப் பக்கம், வங்கியில் கட்டியது ஏன் செலவுப் பக்கம் என்ற விளக்கம் அது. அது ஸ்லைடில் இருக்காது. ஸ்லைடுக்குக் கீழே உள்ள Notes பகுதியில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பயிற்றுநரைக் கேட்டு எழுத வேண்டும். தாளில் அட்டவணைக்குக் கீழே அது நாலைந்து முழு வாக்கியங்களாக வர வேண்டும். கையேடு தயாரிக்கிற வேலையில் பெரும்பகுதி இதுதான் என்பேன். திரையில் "வரவு – செலவு = கையிருப்பு" என்று மூன்று சொல் போதும். ஒரு மாதம் கழித்து வீட்டில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது போதாது.

பவர்பாயிண்ட்டிலிருந்து எழுத்தை வேர்டுக்கு எடுக்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் கணினியில் File → Export → Create Handouts என்று போனால் சில தேர்வுகள் வரும். Notes next to slides என்றால் ஸ்லைடின் படமும் பக்கத்தில் குறிப்பும். Blank lines next to slides என்றால் படமும் வெற்றுக் கோடுகளும். Outline only என்றால் எழுத்து மட்டும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் கடைசியில் உள்ளதுதான். ஒரு எச்சரிக்கை: ஸ்லைடில் ஏற்கெனவே அமைந்திருக்கும் தலைப்பு, பட்டியல் பெட்டிகளில் அடித்த எழுத்து மட்டுமே Outline-இல் வரும். தனியாக Text Box போட்டு அடித்ததும், அட்டவணைக்குள் இருப்பதும், படத்துக்குள் இருப்பதும் வராது. எடுப்பதற்கு முன் View → Outline View-இல் ஒருமுறை பார்த்தால் எதெல்லாம் விடுபடும் என்பது தெரிந்துவிடும். விடுபட்டதைக் கையால் நகலெடுக்க வேண்டியதுதான்.

எழுத இடம் எங்கே, எவ்வளவு

எல்லா ஸ்லைடுக்கும் பக்கத்தில் ஒரே மாதிரி ஏழெட்டுக் கோடு போட்டுக் கொடுப்பது இடம் கொடுத்ததாகத் தோன்றும். உண்மையில் அது தேவையில்லாத இடத்தில் அதிகமும் தேவையான இடத்தில் குறைவுமாகப் போய்விடுகிறது. பங்கேற்பவர் அந்த இடத்தில் பேனாவால் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுப் பார்த்தால் அளவு தானாக வரும்.

வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓர் உறுப்பினர் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார். மாதம் 1 சதவீத வட்டி, அசலில் மாதம் 1,000 ரூபாய் திருப்பிக் கட்டுகிறார், மீதி அசலுக்கு மட்டுமே வட்டி. முதல் மாதம் வட்டி 100, கட்ட வேண்டியது 1,100, மீதி அசல் 9,000. இரண்டாம் மாதம் வட்டி 90, கட்டுவது 1,090, மீதி 8,000. ஸ்லைடில் பத்து மாதமும் நிரப்பிய அட்டவணை இருந்தது. தாளில் அதை முழுதாக அச்சடித்தால் எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். முதல் இரண்டு மாதத்தை நிரப்பி, மற்ற எட்டு வரிகளை வெற்றாக விட வேண்டும். கடைசியில் "மொத்த வட்டி" என்று ஒரு கட்டம். நிரப்பிக்கொண்டே வருகிறவர் 550 என்ற தொகைக்கு வந்து சேர்வார். மீதியைப் பார்க்காமல் மாதாமாதம் 100 வாங்கியிருந்தால் 1,000 ஆகியிருக்கும் என்பதைத் தன் கையால் போட்ட கணக்கிலிருந்தே தெரிந்துகொள்வார். இங்கே எழுதும் இடம் என்பது அந்த எட்டு வரிதான். பக்கத்தில் தனியாகக் கோடு தேவையே இல்லை.

அந்த வரிகளின் உயரம் 1 செ.மீ. இருக்கட்டும். கட்டத்தின் அகலம் இரண்டரை செ.மீ. இருந்தால் ஐந்து இலக்கத் தொகையை நெருக்கமில்லாமல் எழுதலாம், அடித்துத் திருத்தவும் இடமிருக்கும். வாக்கியமாகப் பதில் எழுத வேண்டிய இடங்களில் கோடுகளுக்கு இடைவெளி 9 மி.மீ. நல்லது. தமிழில் மேலே சுழிகளும் கீழே உகரக் கால்களும் இருப்பதால் அதைவிட நெருக்கினால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டும். பங்கேற்பவர்கள் பாயில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுவார்கள் என்றால் இதுவும் போதாது, ஒரு செ.மீ. ஆக்கிவிடுங்கள். மேஜை இல்லாதபோது தாளின் அடிப்பகுதியில் எழுதுவது கடினம். கை தாங்க இடமிருக்காது. அதனால் கீழே 3 செ.மீ. வரை எழுதும் இடம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. துளையிடுவதற்கும் பின் அடிப்பதற்கும் தாளைச் சேர்க்கிற ஓரத்தில் இரண்டரை செ.மீ. விட வேண்டும்.

தவறுகள் பற்றிய 22-ஆம் ஸ்லைடுக்கு எழுதும் இடம் அதிகம் வேண்டாம். படித்தால் போதும். கலந்துரையாடலுக்குத்தான் முழுப் பக்கமும் வேண்டும். "உங்கள் குழுவில் எந்த நோட்டு எழுதுவது சிரமமாக இருக்கிறது? ஏன்?" என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் முதலில் தாங்களாக எழுதுவார்கள். பிறகு மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவார்கள். ஆகவே அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, மேலே "எங்கள் குழுவில்", கீழே "மற்றவர்கள் சொன்னது" என்று போட்டால் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துத் திகைத்து நிற்க மாட்டார்கள்.

கோடுகளை எப்படிப் போடுவது என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். விசைப்பலகையில் அடிக்கோட்டை வரிசையாக அழுத்திக்கொண்டே போவார்கள். அடுத்த கணினியில் எழுத்துரு மாறினாலோ ஓரம் மாறினாலோ ஒவ்வொரு கோட்டின் வாலும் அடுத்த வரியில் போய் விழும். அதற்குப் பதில் ஒரே ஒரு பத்தியுள்ள அட்டவணை ஒன்றைப் போட்டு, Table Properties → Row-இல் Specify height என்பதைத் தேர்ந்து 0.9 செ.மீ. கொடுத்து, Exactly என்று வைத்து, பக்கக் கோடுகளை நீக்கிவிட்டுக் கிடைக்கோடுகளை மட்டும் விட்டால் அது எந்தக் கணினியிலும் அசையாது. ஆனால் எழுத்துள்ள பத்திகளுக்கு வரி இடைவெளியை Exactly என்று வைக்க வேண்டாம். அளவு சற்றுக் குறைந்தாலும் தமிழ் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்பட்டு அச்சாகும்.

பக்கம் எங்கே முறிய வேண்டும்

நம் எட்டுப் பக்கத்தை இப்போது இப்படி வைக்கலாம். முதல் பக்கத்தில் நோட்டுகளின் அட்டவணை. 2-இல் நிரப்பிய ரொக்கப் புத்தகமும் விளக்கமும். 3-இல் வெற்று ரொக்கப் புத்தகமும் பயிற்சிக் கணக்கும். 4-இல் வட்டி போடும் முறை, 5-இல் நிரப்ப வேண்டிய வட்டி அட்டவணை. 6-இல் தவறுகள், 7-இல் கலந்துரையாடல். 8-இல் இரண்டு கணக்குக்கும் விடை.

இருபக்கமும் அச்சடித்து இடப்பக்கம் பின் அடித்தால் 2-உம் 3-உம் எதிரெதிராக விரியும். இடப்பக்க மாதிரியைப் பார்த்துக்கொண்டே வலப்பக்கத்தில் நிரப்பலாம், தாளைத் திருப்ப வேண்டியதே இல்லை. 4-உம் 5-உம் அப்படியே. விடைகள் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் கணக்குப் போடும்போது கண்ணில் படாது. ஏ3 தாள் கிடைத்தால் இரண்டு தாளை நடுவில் மடித்து எட்டுப் பக்கப் புத்தகமாக்கிவிடலாம். பவர்பாயிண்ட்டைக் கடுமையாக விமர்சித்து 2003-இல் சிறுநூல் எழுதிய அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டஃப்டியும் ஸ்லைடுகளுக்குப் பதில் பெரிய தாளை நாலு பக்கமாக மடித்துக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறார்.

3-ஆம் பக்கத்துக் கணக்கு இது: தொடக்கக் கையிருப்பு 1,200. உறுப்பினர் 15 பேர், சேமிப்பு தலைக்கு 200. திரும்பி வந்த கடன் 1,000, அதற்கு வட்டி 100. வங்கியில் கட்டியது 4,000. நோட்டு, பேனா வாங்கியது 50. விடை 1,250. கேள்வியில் உள்ள ஏழு எண்ணும் நிரப்ப வேண்டிய அட்டவணையும் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும். இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குத் தாவினாலும் கூட்டுத்தொகை தப்பாகிவிடும், அந்தத் தப்பு அவர்களுடையதல்ல.

இதை வேர்டில் உறுதிசெய்ய மூன்று இடங்களைத் தொட்டால் போதும். பக்கத்தை மாற்ற வேண்டிய தலைப்புகளுக்கு Paragraph → Line and Page Breaks-இல் Page break before என்பதைத் தேர்வுசெய்யுங்கள். கேள்விக்கும் அட்டவணைக்கு மேலே உள்ள தலைப்புக்கும் அதே இடத்தில் Keep with next கொடுத்தால் அவை தம் கீழே உள்ளதை விட்டுப் பிரியாது. அட்டவணை வரிகளுக்கு Table Properties → Row-இல் Allow row to break across pages என்பதன் குறியை எடுத்துவிட்டால் ஒரு வரி பாதியில் முறியாது. முழு அட்டவணையும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லா வரிகளுக்கும் Keep with next கொடுக்க வேண்டும்.

பெரும்பாலோர் செய்வது Enter-ஐத் தட்டித் தட்டி அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவது. விஷயம் தெரிந்தவர்கள் Ctrl+Enter போடுவார்கள். முன்னது முற்றிலும் கூடாது. மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே எல்லாமே நகர்ந்துவிடும். பின்னது பரவாயில்லை, ஆனால் முந்தைய பக்கம் சற்று நிறைந்து வழிந்தால் அந்த முறிவுக்குறி தனியாக அடுத்த பக்கத்தில் போய் உட்கார்ந்து, நடுவே ஒரு வெற்றுப் பக்கத்தை உண்டாக்கும். 2-உம் 3-உம் எதிரெதிராக வந்தது அதோடு போச்சு. தலைப்போடு சேர்ந்த Page break before அப்படிச் செய்யாது.

இன்னும் ஒன்று, ஜெராக்ஸ் கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டு போக வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடில் அடித்திருந்தாலும் எழுத்துரு மாறினால் வரிகளின் நீளம் மாறி, பார்த்துப் பார்த்து வைத்த பக்க முறிவெல்லாம் இடம் மாறும். பி.டி.எஃப் ஆக்கிக் கொண்டு போனால் நீங்கள் பார்த்தது அப்படியே அச்சாகும்.

எல்லாப் பிபிடிக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பயிர் நோய்களின் புகைப்படங்களைக் காட்டும் ஸ்லைடுகளில் படம்தான் விஷயம். அங்கே பக்கத்துக்கு இரண்டு படம், ஒவ்வொன்றின் கீழும் "எங்கள் வயலில் பார்த்தது" என்று மூன்று கோடு போட்டால் வேலை முடிந்தது. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் மஞ்சள் புள்ளியும் பழுப்புப் புள்ளியும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் அந்தத் தாளை மட்டும் வண்ணத்தில் எடுக்க வேண்டும்.

தாள் சரியாக அமைந்ததா என்பதை எழுதி முடித்த பிரதிகளே காட்டிக்கொடுக்கும். பயிற்சி முடிந்ததும் நாலைந்து பேரிடம் தாளை வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் செங்குத்தாகத் திருப்பி எழுதியிருந்தால் அங்கே இடம் போதவில்லை. கோடு முழுக்க வெற்றாகக் கிடந்தால் கேட்கக்கூடாத இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கத்தைத் திருப்பித் திருப்பி முந்தைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் இருந்தால் பக்கம் தப்பான இடத்தில் முறிந்திருக்கிறது. நாற்பது பிரதி எடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள முடியும். ஒரே ஒரு பிரதி எடுங்கள், அதைத் தயாரித்தவர் அல்லாத ஒருவரை மடியில் வைத்துப் பேனாவால் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நிரப்பச் சொல்லுங்கள், அவர் எங்கே தயங்குகிறார் என்று பார்த்துத் திருத்திய பிறகு கடைக்குக் கொடுங்கள்.